ஆச்சி வீட்டு கிரைண்டரில் இரண்டு கசிவுகள்

ஐப்பசி மழை பிடித்து நான்காம் நாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆச்சி போன் செய்தாள். "எய்யா, கிரைண்டரைப் போட்டால் வீடே இருட்டாகிவிடுகிறது. இட்லிக்கு ஊறப்போட்டது அப்படியே கிடக்கிறது. வந்து பார்த்துவிட்டுப் போ."

நான் தொழில்முறை எலக்ட்ரீஷியன் இல்லை. இளவயதில் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்தது, பிறகு வீட்டு வேலைகளைச் சொந்தமாகச் செய்து கற்றது, அவ்வளவுதான். ஒரு மல்டிமீட்டரும் நல்ல திருப்புளிகளும் வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது, ஊறிய உளுந்து பக்கத்து வீட்டுக்குப் போய் மாவாகித் திரும்பி வந்திருந்தது.

கிரைண்டர் நிலத்தில் நிற்கும் பழைய மாடல். கோயம்புத்தூரில் செய்தது. மேலே கல் உருளி, கீழே தகரப் பெட்டி, அதற்குள் பெல்ட் போட்ட கால் எச்.பி. மோட்டார். பின்கட்டில், புறவாசல் கதவை ஒட்டி நின்றது. மழைச்சாரல் கதவிடுக்கு வழியாக உள்ளே வரும் இடம் அது.

முதலில் போர்டுக்குத்தான் போனேன். விழுவது எது என்று தெரியாமல் மெஷினைத் திறப்பதில் பயனில்லை. இந்த வருடக் கோடையில் அத்தை மகன் வீட்டு வயரிங் முழுவதையும் மாற்றியபோது, பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு எம்.சி.பி.களும் அவற்றுக்கு முன்னால் ஓர் ஆர்.சி.சி.பி.யும் வைத்திருக்கிறான். விழுந்திருந்தது ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. எல்லாம் நிமிர்ந்தே நின்றன.

எம்.சி.பி. விழுந்தால் கரன்ட் அளவுக்கு மீறி ஓடுகிறது என்று பொருள்: மோட்டார் இறுகிவிட்டது, அல்லது ஷார்ட். ஆர்.சி.சி.பி.க்கு அந்தக் கவலை கிடையாது. ஃபேஸ் வழியாகப் போன கரன்ட் நியூட்ரல் வழியாக அதே அளவில் திரும்பி வருகிறதா என்று மட்டும் அது பார்க்கும். குறைந்தால், அந்தக் குறைந்த பங்கு வேறு வழியாக, பெரும்பாலும் மெஷின் பாடி வழியாக, எர்த்துக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு விழும். வீட்டில் இருந்தது 30 மில்லியாம்பியர் வகை. 230 வோல்ட்டில் 30 மில்லியாம்பியர் கசிய வேண்டுமானால் ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவில் மின்தடை 7,700 ஓம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இந்த வகை, குறித்த அளவில் பாதியைத் தாண்டியதுமே விழலாம் என்பதால் 15,000 ஓமும் ஆபத்தான எல்லைதான். நல்ல மோட்டாரில் அந்தத் தடை பல மெகா ஓம் இருக்கும். ஆக, எங்கோ ஓர் இடத்தில் காப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. அது எங்கே என்பதுதான் கேள்வி.

ஆச்சியிடம் கேட்டேன்: "போன வருடமும் மழைக்கு இப்படிச் செய்ததா?"

"விழவில்லை. பழைய போர்டு இருந்த காலத்தில் மழை பிடித்தால் தொட்டதும் சுள்ளென்று இழுக்கும். மணையைப் போட்டு அதன்மேல் நின்றுதான் மாவை வழிப்பேன்."

கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கசிவு ஒரு மழையில் வந்ததில்லை. பழைய வயரிங்கில் அந்த பிளக் பாயிண்ட்டுக்கு எர்த் ஒயரே கிடையாது. கசிந்த கரன்ட் போக வழியில்லாமல் பாடியிலேயே நின்றது. ஈரத் தரையில் வெறுங்காலோடு தொட்ட ஆச்சிதான் அதற்கு வழியாக இருந்தாள். மரப்பலகை காப்பாற்றியிருக்கிறது. இப்போது ஒழுங்கான எர்த் வந்ததும் கசிவு அதன் வழியே ஓடுகிறது, ஆர்.சி.சி.பி. அதைக் கண்டுபிடிக்கிறது. போர்டின்மேல் குற்றமே இல்லை.

அடுத்த வீட்டு மாமா அந்நேரம் எட்டிப் பார்த்தார். "மருமகனே, பிளக்கில் அந்தப் பச்சை ஒயரைக் கழற்றிவிடு. விழாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது." உண்மைதான், விழாது. பாடியில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும், யாராவது தொடும்போதுதான் விழும். மாமாவுக்கு அதைச் சொன்னேன். பதில் சொல்லாமல் போனார்; சாயங்காலம் அவர் வீட்டு பிளக்கிலும் பச்சை ஒயரை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி கசிவைத் தேடுவது. மெஷினைத் திறக்காமலே பாதி தூரம் போய்விட ஒரு வழி உண்டு. சுவர் சுவிட்ச், அதிலிருந்து பிளக்கும் கார்டும், பிறகு மெஷினில் இருக்கும் சுவிட்ச், அதற்குப் பின் மோட்டார்: கரன்ட் போகும் வரிசை இது. மெஷின் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டுச் சுவர் சுவிட்சைப் போட வேண்டும். அப்போதே விழுந்தால் கோளாறு கார்டில். மெஷின் சுவிட்சைத் திருப்பும்போது மட்டும் விழுந்தால் மோட்டார் பக்கம். ஆனால் சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். மெஷின் சுவிட்ச் அப்போது நியூட்ரலை அறுக்கும், ஃபேஸ் மோட்டார் வரை எப்போதும் நிற்கும். ஆகவே முதலில் டெஸ்டரைச் செருகிப் பார்த்தேன். எர்த் துளை மேலே இருக்க, நம்மைப் பார்த்தபடி வலது துளையில்தான் விளக்கு எரிய வேண்டும். எரிந்தது.

மெஷின் சுவிட்ச் அணைந்த நிலையில் சுவர் சுவிட்சைப் போட்டேன். விழவில்லை. ஆச்சி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கிரைண்டரை அரை அடி நகர்த்திவிட்டுத் திரும்பப் போட்டேன். வீடு இருண்டது. நகர்த்தினால் விழுகிறது என்றால் கார்டு அசைகிற இடத்தில்தான் வினை.

பிளக்கை உருவி எடுத்துவிட்டு மெஷினைப் படுக்க வைத்துக் கீழ்த் தகட்டைக் கழற்றினேன். (சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவிக் கண்முன்னே வைத்துக்கொள்ள வேண்டும்.) உள்ளே ஒரு கப்பாசிட்டர் உண்டு. பிளக்கை உருவிய பிறகும் அதில் கரன்ட் தேங்கியிருக்கலாம் என்பதால், ஒரு பழைய குண்டு பல்பு ஹோல்டரின் இரண்டு ஒயர் முனைகளை அதன் முனைகளில் வைத்து இறக்கிவிட்டேன்.

கார்டின் மூன்று ஒயர்களையும் மெஷினிலிருந்து கழற்றித் தனியாக்கினேன். முழுவதையும் ஒன்றாக அளந்தால் எந்தப் பகுதி கசிகிறது என்று தெரியாது. மீட்டரை 2 மெகா ஓம் அளவில் வைத்து, பிளக்கின் ஃபேஸ் முள்ளுக்கும் எர்த் முள்ளுக்கும் நடுவில் பார்த்தேன். ஒன்றும் காட்டவில்லை. பிறகு ஒயரைக் கையால் மெல்ல வளைத்துக்கொண்டே வந்தேன். தகரப் பெட்டிக்குள் நுழையும் இடத்தை வளைத்ததும் எண்கள் குதிக்க ஆரம்பித்தன: 60,000, 18,000, 11,000, திரும்பவும் ஒன்றுமில்லை.

அந்தத் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ விழுந்துவிட்டது. தகரத்தின் கூரான விளிம்பு வருடக்கணக்கில் கார்டை அறுத்திருக்கிறது. மேலுறையைக் கத்தியால் பிளந்து பார்த்தால், சிவப்பு ஒயரின் தோலில் ஓர் அரிசி நீளத்துக்குக் கிழிசல். உள்ளே செம்புக் கம்பிகள் பச்சையாகக் களிம்பேறி இருந்தன. கிழிசலைச் சுற்றி, தோல் தேய்ந்திருந்த பச்சை ஒயர் வரைக்கும், வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. காய்ந்த மாவுத் தண்ணீர். செம்பு நேராகத் தகரத்தைத் தொட்டிருந்தால் பெரிய ஷார்ட்டாகி எம்.சி.பி.யும் விழுந்திருக்கும். இந்த ஈரப் பொருக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்ததால் ஆர்.சி.சி.பி. மட்டும் விழுந்திருக்கிறது.

கடையில் ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு, மூன்று ஒயர் கார்டு இரண்டு மீட்டர், மூன்று முள் பிளக், ரப்பர் வளையம், கார்டை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் எல்லாம் கிடைத்தன. பிளக்கில் மாட்டும்போது பச்சை ஒயரை மட்டும் மற்ற இரண்டைவிட அரை அங்குலம் நீளமாக விட்டேன். யாராவது கார்டைப் பிடித்து இழுத்தால் எர்த் கடைசியாக அறுபட வேண்டும், முதலாவதாக அறுபடக் கூடாது. உள்ளே கிளிப்பை இறுக்கினேன். இழுக்கும் விசை கிளிப்போடு நின்றுவிட வேண்டும். ஒயர் முனைக்குப் போகக் கூடாது.

எல்லாவற்றையும் மாட்டிச் சுவர் சுவிட்சைப் போட்டேன். விழவில்லை. மெஷினை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். விழவில்லை. "முடிந்தது ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே மெஷின் சுவிட்சைத் திருப்பினேன்.

வீடு இருண்டது.

கார்டில் கோளாறு கிடைத்த சந்தோஷத்தில் மோட்டாரை அளக்காமல் மூடிவிட்டேன். கார்டைத் தனியாக்கி வைத்திருந்தபோதே மோட்டாரையும் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. திரும்பத் திறந்தேன். மோட்டாரிலிருந்து வரும் ஒயர் ஒன்றுக்கும், பெயின்ட் சுரண்டிய பாடிக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் 90,000 ஓம். முதலில் 70,000, 75,000 என்று கண்டபடி குறைத்துக் காட்டியதும் என் தவறுதான். இரண்டு முள்ளின் நுனியையும் விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். மீட்டர் மோட்டாரோடு சேர்த்து என் உடம்பையும் அளந்துகொண்டிருந்தது.

இந்த 90,000 என்னைக் குழப்பியது. கணக்குப் போட்டால் கசிவு இரண்டரை மில்லியாம்பியர்தான். அதற்கு ஆர்.சி.சி.பி. விழக் கூடாது. ஆனால் விழுகிறது.

மறுநாள் காலை மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் கட்டி, ஆற்றுப் பாலம் தாண்டி அம்பாசமுத்திரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் என் மீட்டரைப் பார்த்துச் சிரித்தார். "இதில் இருப்பது ஒரு சின்ன பேட்டரி. சில வோல்ட் கொடுத்துப் பார்த்தால் கள்ளன் எப்படி வெளியே வருவான்?" அவர் மெக்கரை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். அது 500 வோல்ட் கொடுத்து அளக்கும் கருவி. முள் பூஜ்யத்தை விட்டு எழும்பவே இல்லை. ஈரமான காப்பு குறைந்த வோல்ட்டில் ஒரு தடையையும், வீட்டு மின்சாரத்தின் அழுத்தத்தில் அதைவிட மிகக் குறைந்த தடையையும் காட்டும். மல்டிமீட்டர் மோசம் என்று சொன்னால் மோசம்தான். அது நல்லது என்று சொன்னால் அதை மட்டும் நம்பிவிட முடியாது.

"காயில் கட்டிவிடலாமா?" என்று கேட்டேன். அவர் பின்மூடியைக் கழற்றினார். கழற்றும் முன் மூடிக்கும் பாடிக்கும் சேர்த்து ஒரு கீறல் போட்டுக்கொண்டார், திரும்ப அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. உள்ளே முகர்ந்து பார்த்தார். கருகிய வாடை இல்லை. கம்பிகளின் வார்னிஷ் தேன் நிறத்திலேயே இருந்தது; எங்கும் கறுக்கவில்லை. இரண்டு காயில்களின் ஓம் அளவும் ஒழுங்காக இருந்தன. "இது எரிந்த மோட்டார் இல்லை, நனைந்த மோட்டார். கட்ட வேண்டாம், காய வை" என்றார். கறுத்திருந்தாலோ, காய வைத்த பிறகும் முள் எழும்பாவிட்டாலோ வேறு வழியில்லை, காயில் கட்டத்தான் வேண்டும் என்றும் சொன்னார். கட்டும் கூலியை விட்டுக்கொடுத்த மனிதர். மெக்கர் பார்த்ததற்கும் காசு வாங்கவில்லை.

காயிலின் கீழ்ப்பக்க வளைவில் வெள்ளைப் பொருக்கு இருந்தது. கார்டில் பார்த்த அதே பொருக்கு. உருளியின் நடுத்தண்டு இறங்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. அந்த வழியாக ஒழுகிய மாவுத் தண்ணீர் மோட்டார் வரை வந்திருக்கிறது. ஆச்சி அரைத்து முடிக்கும் சமயத்தில் உருளிக்குள்ளேயே கல்லுப்பைப் போட்டு இரண்டு சுற்று விடுகிறவள். ஆக ஒழுகியது உப்புத் தண்ணீர்.

கோளாறின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். வெறும் தண்ணீர் என்றால் சித்திரை வெயிலில் காய்ந்து போயிருக்கும். உப்பு காய்ந்தாலும் போகாது, அங்கேயே இருக்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்த்துக்கொள்வதில்லையா? அப்பளம் போடுகிற ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசிக் காற்றில் அப்பளம் என்ன ஆகும் என்று ஊரே அறியும். காயிலில் படிந்த உப்பும் அதேபோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டுவிடுகிறது. கோடையில் நன்றாக ஓடி, மழையில் மட்டும் சுள்ளென்று இழுத்ததற்கு இதுதான் காரணம். பொருக்கை எடுக்காமல் வெறுமனே காய வைத்திருந்தால் கார்த்திகை மழையில் திரும்ப வந்திருக்கும்.

சுத்தமான வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பழைய பல்துலக்கி நுனியில் சுற்றி, பொருக்கை நான்கு முறை துடைத்தேன். ஈரமான மோட்டாரை மேலும் ஈரமாக்குகிறானே என்று ஆச்சி கேட்டாள். ஈரம் போய்விடும், உப்பு போகாது என்றேன். கம்பியின் மேல்பூச்சு உரிந்துவிடும் என்பதால் கத்தியோ உப்புத்தாளோ தொடவில்லை.

வெயில் இல்லை. அத்தை வீட்டு முறுக்கு டின் ஒன்று பெரியது கிடைத்தது. மோட்டாரின் இரும்புக் கூட்டை இரண்டு செங்கல்மேல் வைத்து, பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, டின்னைக் கவிழ்த்தேன். ஈரக்காற்று வெளியேற ஒரு பக்கம் விரலளவு இடைவெளி விட்டேன். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, சூடு போதாது. பல்பு காயிலைத் தொடக் கூடாது. இரும்பின்மேல் கை வைத்தால் மூன்று விநாடிக்கு மேல் தாங்காத சூடு இருந்தால் போதும். அதற்கு மேல் போய்க் காயில் 90 டிகிரியைத் தாண்டினால் பழைய காப்புக்குத்தான் கேடு.

அளந்ததைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்தேன். துடைத்து முடித்த உடனே 70,000 ஓம். இரண்டு மணி நேரம் கழித்து 30,000. எனக்குப் பயமாகிவிட்டது, சூடு ஏதாவது கெடுத்துவிட்டதோ என்று கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அப்படித்தான் இறங்கும். உள்ளே ஒளிந்திருக்கும் ஈரம் சூட்டில் கிளம்பிப் பரவுகிறது. பிறகு ஏறும். ஏறி ஒரே இடத்தில் நிற்கும்வரை எடுக்காதே" என்றார். ஐந்தாவது மணியில் 2 லட்சம். இரவு பத்துக்கு 15 லட்சம். காலை ஆறு மணிக்கு 20 மெகா ஓம் அளவிலும் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. அதாவது அளவைத் தாண்டிவிட்டது. மதியம் வரை இன்னும் விட்டேன்.

மறுபடி அம்பைக்குப் போனேன். இப்போது மெக்கர் முள் 50 மெகா ஓமில் நின்றது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் மோட்டாரை இணைக்கவே கூடாது என்பது அந்தக் கடையின் விதி. மோட்டார் வெதுவெதுப்பாக இருக்கும்போதே காயிலின் இரு வளைவுகளிலும் காற்றில் காயும் வார்னிஷை இரண்டு கை பூசினார். காயாத காயிலில் வார்னிஷ் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ஆகவே அளந்த பிறகுதான் தூரிகையைத் தொடுவேன் என்றார்.

மிக்சி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதுவும் இதேபோல் ஆர்.சி.சி.பி.யை விழவைக்கும், கார்டை அளக்கும் வழியும் இதேதான். ஆனால் மிக்சி மோட்டாரில் கார்பன் பிரஷ் உண்டு. தேய்ந்த கார்பன் தூள் உள்ளே படிந்து, ஜாரிலிருந்து வழிந்த சட்னித் தண்ணீரோடு குழைந்துவிட்டால் அதுவே கசிவுப் பாதை. அதைத் துடைத்தெடுக்காமல் காய வைப்பது வீண்.

வார்னிஷ் காய ஒரு நாள் விட்டுவிட்டு, புது ரப்பர் வாஷர் போட்டு எல்லாவற்றையும் பூட்டினேன். கார்டு மாட்டிய பிறகும் சுவர் பக்கம் போகும் முன் பிளக் முள்ளிலிருந்து ஒரு முறை அளந்தேன்: மெஷின் சுவிட்சைப் போட்ட நிலையில் ஃபேஸ் முள்ளுக்கும் எர்த் முள்ளுக்கும் நடுவில் ஒன்றும் காட்டவில்லை, எர்த் முள்ளுக்கும் பாடிக்கும் நடுவில் ஓர் ஓமுக்கும் கீழே. முதல் அளவு கசிவு இல்லை என்கிறது, இரண்டாவது நாளைக்குக் கசிந்தாலும் எர்த் பிடித்துக்கொள்ளும் என்கிறது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுவதையும் பார்த்துக்கொண்டேன். குழவி இல்லாமல் பத்து நிமிடம், பிறகு அரை ஆழாக்கு அரிசியோடு இருபது நிமிடம். வீட்டு விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை.

கிரைண்டரைக் கதவோரத்திலிருந்து எடுத்து உள்சுவர் பக்கம், இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தேன். தரை கழுவும் தண்ணீர் இனி கீழ்த் தகட்டைத் தொடாது. உப்பைத்தான் உருளிக்குள் போட வேண்டாம், பாத்திரத்தில் வழித்த பிறகு போட்டுக் கலக்கிக்கொள் என்று ஆச்சியிடம் சொன்னேன்.

"கையால் கலக்கினால் ஒரு பக்கம் கரிக்கும், ஒரு பக்கம் சப்பென்று இருக்கும்" என்றாள்.

கார்த்திகை மழையில் போனபோது மீட்டரை எடுத்துப் போய்த் திரும்ப அளந்தேன். 12 மெகா ஓம். வெளியே நான்கு நாள் அடைமழைக்கு இது நல்ல அளவுதான். உருளியின் விளிம்பில் இரண்டு கல்லுப்புப் பரல்கள் ஒட்டியிருந்தன. வாஷரைக் கழற்றிப் பார்த்தேன், அதற்குக் கீழே ஈரமில்லை. ஆச்சி மணையில் ஏறி நின்று மாவை வழித்துக்கொண்டிருந்தாள்.